என் நாக்கைக் கெடுத்த பச்சைச் சட்னி

செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஒரு கஃபேயில் பதினோரு வருடமாகச் சமைக்கிறேன். எங்கள் சமையலறையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பண்டமும் வெளியே போகுமுன் அதிலிருந்து ஒரு சொட்டு என் உள்ளங்கைக்கு வர வேண்டும். நான் நக்கிப் பார்த்துவிட்டு, "போலாம்" என்றால்தான் போகும். முதலாளி போட்ட சட்டம் இல்லை அது. நானே வைத்துக்கொண்டது. நாளடைவில் எல்லோரும் அதைச் சட்டமாக்கிவிட்டார்கள்.

போன ஐப்பசியில் அவள் வந்தாள். புதுச்சேரியில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்தவள், என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவள் கையில் ஒரு ஸ்பூன் எப்போதும் இருக்கும். அதில் தானே ருசி பார்த்துக்கொள்வாள். என் உள்ளங்கையைத் தேடி அவள் ஒருநாளும் வந்ததில்லை. கேட்டால், "உங்களுக்கு எதுக்கு சிரமம்கா" என்பாள். அந்த மரியாதைதான் எனக்கு ஜாஸ்தி எரிந்தது.

அவள் செய்ததில் பெரிய பேர் வாங்கியது பாஸ்தா. பேசில் இலை, பூண்டு, ஆலிவ் எண்ணெய், சீஸ், அதோடு பைன் மரக் கொட்டை சேர்த்து அரைத்துப் பாஸ்தாவில் பிரட்டுவாள். பெஸ்டோ என்று பெயர். நான் பச்சைச் சட்னி என்பேன். சாப்பிட்ட வெள்ளைக்காரர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். பதினோரு வருடத்தில் என் சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு யாரும் கும்பிட்டதில்லை. இரண்டாவது முறை கேட்பார்கள், அவ்வளவுதான். இவளுக்கு ஒரே மாதத்தில் கும்பிடு. வயிறு எரிந்தது. மறைப்பானேன்?

முதலாளி கீழ்பென்னாத்தூர்க்காரர். வேர்க்கடலை விவசாயக் குடும்பம், மெல்லப் பேசுவார். கார்த்திகை தீபத்துக்கு முன்னால் ஒருநாள் எங்கள் இருவரையும் நிற்க வைத்துச் சொன்னார்: "சீசன் கூட்டம் வருது. ரெண்டு பேர் ரெண்டு விதமா சொன்னா பசங்க யார் பேச்ச கேப்பாங்க? மார்கழிலேர்ந்து கிச்சனுக்கு ஒருத்தர்தான் பொறுப்பு. பாத்துட்டு சொல்றேன்." பார்த்துவிட்டா? பதினோரு வருடம் பார்த்தது போதாதா?

அந்த வாரம் சனிக்கிழமை மதியம் அவள் புதிதாக ஒரு பாட்டில் பச்சைச் சட்னி அரைத்து வைத்துவிட்டு, போன் பேச வெளியே போனாள். நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒரு ஸ்பூன் வாயில் போட்டேன். ஏதாவது குறை கிடைக்கும் என்றுதான் போட்டேன். கிடைக்கவில்லை. இன்னொரு ஸ்பூன். மூன்றாவதையும் போட்டுவிட்டுப் பாட்டிலின் மேல்பக்கத்தைச் சமப்படுத்தி வைத்தேன். வாய் நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்கும் மறுநாளும் எந்தக் குறையும் இல்லை.

திங்கட்கிழமை காலையில் காபி கசந்தது. டிகாஷன் கசப்பு இல்லை அது. செப்புக் காசை வாயில் அடக்கி வைத்திருந்த மாதிரி, நாக்கின் அடியில் ஒரு கசப்பு. இட்லி கசந்தது. வாழைப்பழம் கசந்தது. தண்ணீர் குடித்தாலும் பின்னாலேயே அது வந்தது. வாய் சும்மா இருந்தால் கொஞ்சம் அடங்கும், எதையாவது மென்றால் கிளம்பும். சாம்பாரை உள்ளங்கையில் விட்டுப் பார்த்தேன், வெந்தயம் தூக்கிவிட்டது என்று நினைத்து வெல்லம் போட்டேன். இரண்டு இலையில் பாதி சாம்பார் அப்படியே திரும்பி வந்தது. "இன்னைக்கு பாயசமாக்கா?" என்று பாத்திரம் கழுவும் அம்மா கேட்டாள்.

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. நாக்குப் போன சமையல்காரியை யார் பொறுப்பில் வைப்பார்கள்?

செவ்வாய்க்கிழமை அடுத்த இடி. நாலைந்து வருடமாகக் குளிர்காலம் முழுக்க இங்கேயே தங்கும் ஒரு ஜெர்மன் அம்மா வந்தார். நேற்று மதியம் ரசம் சாதம் சாப்பிட்டதிலிருந்து வாயில் உலோகம் கசக்கிறது என்றார். "பித்தளை பாத்திரம்" என்று என் ரசக் குண்டானைக் காட்டினார். முதலாளி குனிந்து பார்த்தார். அடியில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு ஈயம் தேய்ந்து மஞ்சள் தெரிந்தது.

புளியை ஈயம் போன பித்தளையில் கொதிக்க வைத்தால் களிம்பு இறங்கும் என்று தெரியாதவளா நான்? ஈயம் பூசுகிற பாயிடம் ஐப்பசியிலேயே கொடுத்திருக்க வேண்டும். புதியவளைப் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்ததில் மறந்துபோனேன். என் வாயும் அதனால்தான் கெட்டதோ?

சாயந்திரம் தலைவலி என்று சொல்லிவிட்டு வேங்கிக்காலில் ஒரு டாக்டரிடம் போனேன். நாக்கைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், சளி இருக்கிறதா, ஏதாவது மாத்திரை போடுகிறீர்களா என்று கேட்டார். சில மாத்திரைகளுக்கும் வாய் இப்படிக் கசக்குமாம். எதுவும் இல்லை என்றேன்.

"புதுசா ஏதாவது சாப்பிட்டீங்களா? ரெண்டு மூணு நாளைக்கு முன்னாடி?"

"இல்ல சார்" என்றேன். திருடித் தின்றதை டாக்டரிடம்கூடச் சொல்ல வாய் வரவில்லை. அவர் பி காம்ப்ளெக்ஸ் எழுதிக் கொடுத்தார். அதுவும் கசந்தது.

புதன்கிழமை என் குண்டான் அடுப்பிலிருந்து இறங்கி மூலைக்குப் போய்விட்டது. ரசம் அவளுடைய ஸ்டீல் பாத்திரத்தில் கொதித்தது. அந்த நேரம் பார்த்து, பெங்களூரிலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு பையன் கல்லாவில் நின்று காபி கசக்கிறது என்று சண்டை போட்டான். முதலாளி குடித்துப் பார்த்தார், காபி நன்றாக இருந்தது. "எனக்கு எல்லாமே கசக்குது. இன்னைக்கு காலைலேர்ந்து" என்றான் பையன்.

"எங்க ரசம் சாப்பிட்டீங்களா?" என்றார் முதலாளி, கலக்கத்தோடு.

"நான் ரசமே சாப்பிட மாட்டேன். திங்கக்கிழமை பாஸ்தா சாப்பிட்டேன், அவ்ளோதான்."

சமையலறைக் கதவருகே நின்றிருந்த எனக்குச் சட்டென்று பிடிபட்டது. ஜெர்மன் அம்மாவும் சனிக்கிழமை பாஸ்தாதான் சாப்பிட்டார். தட்டை எடுத்துக் கொடுத்ததே நான்தான். ரசத்தை முதலாளியும் பாத்திரம் கழுவும் அம்மாவும் தினம் சாப்பிடுகிறார்கள், அவர்களுக்கு ஒன்றும் இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் பாவம். மாட்டிக்கொண்டாள்!

முதலாளி எங்களைக் கூப்பிட்டு விசாரித்தார். அவள் முகம் வெளுத்தது. ஆனால் நிதானமாகச் சொன்னாள்: "நான் தினம் ருசி பாக்கறேன்ணா. ஒரு பிடி கொட்டைய சும்மாவே தின்னேன். எனக்கு ஒண்ணுமே இல்லையே. கெட்டுப்போயிருந்தா சிக்கு வாடை வந்திருக்கும்." பிறகு என் பக்கம் திரும்பி, "அக்கா தினம் ரசம் பாக்கறாங்க. அவங்களுக்கு வாய் எப்படி இருக்கு?" என்றாள்.

வசமாகக் கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றால், குண்டான் தப்பிக்கும், ஆனால் என் கையால் வெல்லச் சாம்பார் வந்ததற்குக் காரணம் சொல்ல முடியாது, எனக்குச் சமையலே மறந்துவிட்டது என்பார்கள். கசக்கிறது என்று மட்டும் சொன்னால், பழி குண்டான்மேல் விழும். முழுக்கச் சொன்னால்தான் பழி சட்னிமேல் போகும்.

"எனக்கும் கசக்குது. திங்கக்கிழமைலேர்ந்து" என்றேன். "சனிக்கிழமை உன் பாட்டில்லேர்ந்து எடுத்து தின்னேன். மூணு ஸ்பூன்."

அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தேன்.

"மூணு ஸ்பூனா?" என்றாள். "நல்லா இருந்துச்சாக்கா?"

முதலாளி முன்னால் வைத்துக் கேட்கிறாள். "இருந்துச்சு" என்றேன். அந்த ஒரு சொல் வெளியே வர என்ன பாடு பட்டது என்று எனக்குத்தான் தெரியும்.

ஜெர்மன் அம்மா அன்று மாலை தன் போனில் தேடிப் படித்துக் காட்டினார். உண்மைதான், பைன் கொட்டை அப்படிச் செய்யுமாம். எல்லாப் பைன் கொட்டையும் அல்ல. முக்கியமாகச் சீனாவில் விளையும் ஒரு வகை வெள்ளைப் பைன் மரத்தின் கொட்டையைத்தான் சொல்கிறார்களாம். தின்று ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் கசப்பு ஆரம்பிக்கும். அதனால் எல்லோரும் கடைசியாகச் சாப்பிட்டதைத் திட்டுவார்கள். சிலருக்கு வரும், சிலருக்கு வராது. கொட்டை கெட்டுப்போனதால் வருவதில்லை. அதிலுள்ள எந்தப் பொருள் இதைச் செய்கிறது என்று இன்னும் உறுதியாகத் தெரியாதாம். மருந்து கிடையாது, ஒரு வாரமோ இரண்டு வாரமோ போனால் தானாகப் போய்விடும், வேறு கெடுதல் இல்லை. அவள் ஓடிப்போய்ப் பழைய பாக்கெட்டில் மிச்சமிருந்த கொட்டைகளையும், சனிக்கிழமை பிரித்த புதுப் பாக்கெட்டில் இருந்ததையும் தட்டில் கொட்டினாள். பழையது நீளமாக, ஒல்லியாக இருந்தது. புதியது குட்டையாக, மங்கலாக, ஒரு பக்கம் தடித்திருந்தது. புதுப் பாக்கெட்டில் எந்த ஊர்ச் சரக்கு என்று போடவில்லை. அப்படியே குப்பையில் போட்டாள். ஜெர்மன் அம்மா என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார்.

குண்டான் ஈயம் பூசப் போனது. நான் ஜெயித்தேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் கசப்புப் போகவில்லையே. மறுநாள் காலை சாம்பாரைக் கையில் விட்டுக்கொண்டு திருதிருவென்று நின்றேன். முதலாளி அவளைப் பார்த்தார். அவள் ஸ்பூனை எடுத்துக்கொண்டு வந்தாள். "சொல்லுங்கக்கா, எப்படி இருக்கணும்? நான் பாத்து சொல்றேன்."

சொன்னேன். வேறு வழி? புளி முன்னால் வரக் கூடாது, பெருங்காயம் முடிவில் நிற்க வேண்டும், உப்பு இருப்பது தெரியக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். யாருக்கும் சொல்லாதவை. அவள் ருசித்து, "புளி ஒரு சொட்டு ஜாஸ்தி", "உப்பு ஒரு கல்லு கம்மி" என்பாள், நான் சரிசெய்வேன். ஆறு நாள் அப்படிப் போனது. நடுவில், அவள் திண்டாடட்டும் என்று, "பைன் கொட்டைக்கு பதிலா நம்ம வேர்க்கடலைய போடு" என்றேன். போட்டாள். அதற்கும் கும்பிடு. முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

ஏழாம் நாள் நான் வருமுன்பே சாம்பார் தயாராக இருந்தது. அவளே வைத்திருந்தாள். "சும்மா பாருங்கக்கா" என்று என் உள்ளங்கையில் ஒரு கரண்டி நுனி விட்டாள். நக்கினேன். கசப்பு இல்லை. காலையில் காபியிலும் இல்லை, அதை யாரிடமும் சொல்லவில்லை. புளி அடங்கியிருந்தது, பெருங்காயம் கடைசியில் வந்து நின்றது, உப்பு இருப்பதே தெரியவில்லை. என் சாம்பார். ஒரு நூல் பிசகில்லை.

முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பு கம்மி" என்றேன். "நல்லாவே கம்மி."

அவள் உப்பு ஜாடிப் பக்கம் கையை நீட்டினாள். பிறகு நிறுத்தி, தன் ஸ்பூனால் ஒருமுறை எடுத்து ருசித்தாள். கண்ணை மூடி யோசித்தாள். ஜாடியை மூடி வைத்துவிட்டு, என் கையைத் துணியால் துடைத்துவிட்டாள்.

"உங்களுக்கு இன்னும் சரியாகலக்கா" என்றாள். "ரெண்டு நாள் போகட்டும்." பிறகு வெளியே பார்த்துக் குரல் கொடுத்தாள்: "போலாம்."