இறங்கும்போது வாங்கு

சத்துவாச்சாரி வில்சனுக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி அலுவலகத்தில் வேலை. ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போகிற பெட்டிகளுக்கான ஏற்றுமதிக் காகிதங்களைத் தயார் செய்வது. ஒரு எழுத்து பிசகினால் கப்பல் நிற்கும் என்பதால் எல்லாவற்றையும் மூன்று தடவை படிப்பார். இந்த வழக்கமெல்லாம் 2007 அக்டோபரில் டீமேட் கணக்கு ஆரம்பித்த அன்றோடு முடிந்தது. பங்கு வாங்கும்போது அவர் எதையும் ஒரு தடவைகூடப் படிக்கவில்லை.

அந்த மூன்று மாதம் படிக்கவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. எதை வாங்கினாலும் ஏறியது. கம்பெனியிலிருந்து வேலூர் புரோக்கர் அலுவலகத்துக்குப் போன் போட்டு, "ஜெனிஃபா, அந்த சிமென்ட்ல இருபது போடும்மா" என்பார். மாலை நாலு மணிக்கு அது ஏறியிருக்கும். தன் மூளை இத்தனை நாள் காகிதக் கட்டுக்குள் வீணாகக் கிடந்ததாக வில்சனுக்கு வருத்தமே வந்தது. மனைவி ஃபீபி மருத்துவமனையில் நர்ஸ். மாடி கட்ட இருவரும் சேர்த்து வைத்த பணம்தான் பங்குகளில் இருக்கிறது என்பதை மட்டும் அவர் ஃபீபியிடம் சொல்லவில்லை. இரண்டு மடங்கானதும் சொல்லலாம் என்று இருந்தார்.

2008 ஜனவரி இருபத்தொன்று, திங்கட்கிழமை. சந்தை ஒரே நாளில் ஆயிரத்து நானூறு புள்ளி விழுந்தது. மறுநாள் வில்சன் லீவு போட்டுவிட்டு நேராகப் புரோக்கர் அலுவலகத்துக்கே போய்விட்டார். சின்ன அறை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் பதினோரு பேர். எல்லோரும் போன வருஷம் சேர்ந்த புதிய ஆட்கள். சந்தை திறந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, திரையில் எண்கள் அசையாமல் நின்றன.

"கரண்ட் போச்சாம்மா?" என்றார் வில்சன்.

"ஃபேன் சுத்துது பாருங்க சார்," என்றாள் ஜெனிஃபா. "பத்து சதவீதம் விழுந்தா வியாபாரத்தையே ஒரு மணி நேரம் நிறுத்திடுவாங்க. யாரும் வாங்கவும் முடியாது, விக்கவும் முடியாது."

"ஒரு மணி நேரம் நாங்க இன்னா பண்றது?"

"டீ சொல்லட்டுங்களா?"

டீ வந்தது. ஒருவரும் பேசவில்லை. சாவு வீட்டில்கூட யாராவது எதையாவது பேசிக்கொண்டிருப்பார்கள். வில்சனுக்கு அந்த மௌனம் தாங்கவில்லை. போனை எடுத்து, ஆங்கில எழுத்தில் தமிழை ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி ஒரு குறுஞ்செய்தி அடித்தார்:

'இறங்கும்போது வாங்குன்னாங்க. வாங்கினேன். இன்னும் இறங்குது. நானும் கூடவே இறங்குறேன். பஸ்ஸா இருந்தா இந்நேரம் ஆம்பூர் வந்திருக்கும்.'

அதை அந்த அறையில் இருந்தவர்களில் நம்பர் தெரிந்த ஏழு பேருக்கு அனுப்பினார். ஏழு போன்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கத்தின. முதலில் சிரித்தது கொணவட்டத்து ரஃபத் ஜஹான். தையல் கடை வைத்திருப்பவர், எல்லோரையும்விட ஜாஸ்தி நஷ்டம் அவருக்குத்தான். அவர் சிரித்ததும் பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். நம்பர் இல்லாத நாலு பேர் "எனக்கும் அனுப்புங்க" என்றார்கள். ஒரு மணி நேரம் கழித்துச் சந்தை திறந்து மறுபடி விழுந்தபோது, "ஆம்பூர் தாண்டிட்டோம், வாணியம்பாடி வருது" என்று யாரோ சொல்ல, ஜெனிஃபாவே தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

அந்தச் செய்தி மூன்றாம் நாள் வில்சனுக்கே திரும்பி வந்தது. ஆம்பூருக்குப் பதில் அதில் கிருஷ்ணகிரி இருந்தது. அடுத்த வாரம் திண்டிவனம். அனுப்புகிறவர்கள் அவரவர் ஊர்ப் பக்கம் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டார்கள். புரோக்கர் அறைக்கு வெளியே எழுதினது யார் என்று யாருக்கும் தெரியவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பணம் விட்ட மனுஷனுக்குத் தன்னைப்போல இன்னொருத்தனும் விட்டான் என்று தெரிந்தால் போதும். ஆறுதல் சொல்ல வருகிறவன் அறிவுரையும் சேர்த்துக்கொண்டு வருவான். இது போனில் வந்து சிரிக்கவைத்துவிட்டுப் போய்விடும்.

வில்சனுக்குப் பழக்கம் பிடித்துக்கொண்டது. கம்பெனியில் காசி என்று ஒருவர், சோளிங்கர் மலைக்குப் போனபோது எடுத்த படிக்கட்டு போட்டோவைக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். வில்சன் அதைப் பெயின்ட் புரோகிராமில் திறந்து, அறிவிப்புப் பலகைக்கு வைத்திருந்த தமிழ் எழுத்துருவில் மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி எழுதினார். 'ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது பங்கு வாங்கு.' அது ஈமெயிலில் போயிற்று. பத்தே நாளில் ஃபீபி அதன் அச்சுப்பிரதியை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள்.

"எங்க டூட்டி ரூம்ல ஒட்டியிருந்தாங்க," என்றாள். "பாருங்களேன். இன்னா கற்பனை."

வில்சன் முதல் முறை பார்ப்பதுபோல் சிரித்தார். கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டார்.

"இதை எழுதினவன் நிறைய விட்டிருப்பான் போல," என்றாள் ஃபீபி. "அவன் பொண்டாட்டி பாவம்."

"ஆமாமா," என்றார் வில்சன்.

சிரிக்கவைத்தவர் தன் ஜோக்கைத் தானே நம்பினதுதான் கஷ்டம். நானூறு ரூபாய்க்கு வாங்கின பங்கு முந்நூற்றிருபதுக்கு வந்ததும் அதே எண்ணிக்கை வாங்கினார். இருநூற்றைம்பதுக்கு வந்ததும் இன்னொரு முறை. சராசரி விலை முந்நூற்றிருபத்துமூன்றாகக் குறைந்துவிட்டது என்று காகிதத்தில் போட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பங்கு நூற்றெண்பதுக்குப் போயிற்று. சராசரியைத் தொட அது இனி எண்பது சதவீதம் ஏறவேண்டும். சராசரி குறையக் குறைய, போட்ட மொத்தப் பணம் கூடிக்கொண்டே போகிறது என்பது அந்தக் காகிதத்தில் தெரியவில்லை. மார்ச்சில் பைக்கையும் விற்றார். முட்டி வலிக்கிறது, பஸ்தான் வசதி என்று ஃபீபியிடம் சொன்னார். ஃபீபி இரண்டு வாரம் தைலம் தேய்த்துவிட்டாள்.

பைக் போன துக்கத்தில் எழுதினதுதான் அவருடைய பெரிய செய்தி. ஒரு குறுஞ்செய்தியில் நூற்றறுபது எழுத்துதான் அடங்கும். இது நீளமாகிவிட்டதால் இரண்டு துண்டாகப் போயிற்று. முதல் துண்டு:

'மார்க்கெட் இறங்கினா பயப்படாதே. வாங்கு. மறுபடி இறங்கினா மறுபடி வாங்கு. தைரியமா இரு. பெரிய ஆளுங்க எல்லாம் இப்படித்தான் ஆரம்பிச்சாங்க.'

இரண்டாவது துண்டு:

'நானும் இப்படித்தான் ஆரம்பிச்சேன். அப்போ ஒரு பைக் இருந்துச்சு. மாடி கட்ட பணம் இருந்துச்சு. இப்போ தைரியம் மட்டும் இருக்கு.'

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை வில்சன் லீவு போட்டுப் புரோக்கர் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார். நாற்காலிகள் பாதி காலி. வந்திருந்தவர்களில் ரஃபத் ஜஹானும் ஒருவர். அப்போது நெமிலிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்து மே மாதம் ஓய்வு பெற்ற துரைசாமி உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ரெக்சின் பை. பைக்குள் செக் புத்தகம்.

"கணக்கு திறந்து ஒரு வாரம் ஆச்சும்மா," என்றார் ஜெனிஃபாவிடம். "செட்டில்மென்ட் பணம் முழுசும் இன்னைக்கே போட்டுடணும். இப்ப நல்லா இறங்கியிருக்குதாமே."

"எதுல போடணும் சார்?"

"எது ரொம்ப இறங்கியிருக்கோ அதுல."

ஜெனிஃபா வில்சனைப் பார்த்தாள். வில்சன் திரையைப் பார்த்தார்.

"யார் சார் சொன்னாங்க உங்களுக்கு?" என்றாள் ஜெனிஃபா.

துரைசாமி போனை எடுத்து, கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, வகுப்பில் பாடம் வாசிப்பதுபோல் வாசித்தார். "மார்க்கெட் இறங்கினா பயப்படாதே. வாங்கு." 'ஆரம்பிச்சாங்க' என்பதோடு செய்தி முடிந்தது. "நாலு பேர் அனுப்பினாங்க. நாலும் படிச்ச ஆளுங்க."

வில்சன் திரையிலிருந்து திரும்பினார். "ஐயா, அதுக்கப்புறம் இன்னொண்ணு வந்துச்சா?"

"இன்னொண்ணா? இல்லியே."

அனுப்புகிறவர்களுக்கு இரண்டு துண்டுக்கும் தனித்தனிக் காசு. முதல் துண்டே முழுசாகத் தெரிந்ததால் அதை மட்டும் தள்ளிவிட்டிருக்கிறார்கள். எத்தனையாவது கையிலோ ஜோக்கின் வால் அறுந்து, மிச்சம் உபதேசமாகிவிட்டது.

"ஐயா, அது தமாஷுக்கு எழுதினது," என்றார் வில்சன்.

"தமாஷ் இதுல எங்க இருக்குது?"

"ரெண்டாவது பாதியில இருக்குது."

"நீங்க யாரு?"

"எழுதினவன்."

துரைசாமி நம்பவில்லை. முப்பத்தைந்து வருஷம் பையன்கள் சொன்ன காரணங்களைக் கேட்டவர். "எழுதினவர்னா பெரிய ஆளாச்சே. இங்க பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து இன்னா பண்றீங்க?"

வில்சன் எழுந்தார். "ஜெனிஃபா, என் ஹோல்டிங்கைத் திறம்மா."

"சார், எல்லாரும் இருக்காங்க."

"பரவால்ல. திற."

திரையில் வரிசையாகச் சிவப்பு, எல்லாம் நஷ்டம். ஒவ்வொரு பங்கும் என்ன விலைக்கு வாங்கினது, இன்று என்ன விலை என்று வில்சன் விரலால் காட்டிச் சொன்னார். மூன்று தடவை வாங்கின பங்கைக் காட்டினார். ஒன்றில் வாங்க ஆளே இல்லாமல் இரண்டு நாளாக வியாபாரமே நடக்கவில்லை. பைக்கைப் பற்றியும் சொன்னார். பிறகு தன் போனிலிருந்து இரண்டாவது துண்டை எடுத்து வாசித்தார். அறை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

துரைசாமி திரைக்குப் பக்கத்தில் குனிந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று ஜெனிஃபா பயந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இதுல பச்சையே இல்லியா தம்பி?"

"அந்த மூலையில இருக்கிற தேதி மட்டும் பச்சைங்க."

துரைசாமி பையின் ஜிப்பை இழுத்து மூடினார். பணத்தைத் தபால் ஆபீசில் மூத்த குடிமக்கள் திட்டத்தில் போட்டால் ஒன்பது சதவீதம் நிச்சயம் என்று ஜெனிஃபா மெதுவாகச் சொன்னாள். தன் கமிஷன் போவது தெரிந்துதான் சொன்னாள்.

வில்சன் வீட்டுக்குப் போகும்போது மணி ஐந்துகூட ஆகவில்லை. ஃபீபி கூடத்தில் போனோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஆறு பேர் அனுப்பிட்டாங்க," என்றாள். "படிக்கட்டு ஜோக்கு, பஸ்ஸு ஜோக்கு எழுதின ஆளு சத்துவாச்சாரி வில்சனாம். ரஃபத் அக்கா தையல் கடையில ஆரம்பிச்சிருக்குது. நாலு மணிக்குள்ள எங்க வார்டு பூரா வந்துடுச்சு."

வில்சன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்போ முட்டி வலி?"

"இல்ல."

"ரெண்டு பாட்டில் தைலம்," என்றாள் ஃபீபி. மாடிப் பணத்தைவிட அந்தத் தைலத்துக்குத்தான் அவளுக்குக் கோபம் அதிகம் வந்தது. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரை உட்காரவைத்து ஒவ்வொரு பங்கையும் பற்றிக் கேட்டாள். அந்தக் கம்பெனி என்ன செய்கிறது, லாபம் வருகிறதா, கடன் இருக்கிறதா. பதில் தெரியாத பங்குகளையெல்லாம் விற்கச் சொன்னாள். பதில் தெரிந்தவை மூன்றுதான். அவை இருக்கட்டும், எவ்வளவு இறங்கினாலும் இனி ஒன்றுகூட வாங்கக்கூடாது என்றாள்.

அக்டோபரில் சந்தை இன்னும் பாதாளத்துக்குப் போயிற்று. வெளிநாட்டு ஆர்டர்கள் நின்று, ஷூ கம்பெனியில் வாரம் நாலு நாள்தான் வேலை. வாங்க ஆசைப்பட்டு வில்சனின் கை போன் பக்கம் போகும்போதெல்லாம் ஃபீபி, "எழுதுங்க, வாங்காதீங்க" என்பாள். எழுதினார். மனைவி படித்துப் பார்த்துச் சிரித்தால்தான் அனுப்புவது என்று ஆயிற்று. பத்தில் மூன்றுதான் தேறும்.

மறுவருஷம் மே மாதம் சந்தை நிமிர்ந்தது. இருந்த மூன்றில் இரண்டு, வாங்கின விலையை ஒட்டி வந்தன. மூன்றாவது வரவே இல்லை. அந்த இரண்டையும் விற்றுக் கைக்கு வந்த பணத்தில் மாடி முழுசாக எழும்பவில்லை. ஒரே ஒரு அறையும் குளியலறையும் கட்டினார்கள். பைக் வாங்கவில்லை.

துரைசாமிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தபால் ஆபீசில் வட்டி வரும். வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் வில்சனுக்குப் போன் செய்வார். "தம்பி, அந்த மூணாவது பங்கு இப்ப எவ்ளோ?" என்பார். வில்சன் விலையைச் சொல்வார். அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கும்வரை போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு காத்திருப்பார்.