ஏழு பக்கப் படிவமும் இரண்டு சர்வர்களும்

தொண்ணூறுகளின் கடைசியில் அடையாறில் ஒரு சின்ன கம்பெனியில் புரோகிராமராக இருந்தேன். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் இருந்தது. மயிலாப்பூரில் வரன் பார்த்துக் கொடுக்கும் ஒரு மாமிக்காக நான் எழுதிய வெப்சைட்டில் ஜாதக விவரங்கள் ஏழு பக்கம். பாதியில் திடீரென்று லாகின் பக்கம் வந்து "நீங்கள் யார்?" என்று கேட்கும். நிரப்பியதெல்லாம் போச்சு. மாமி போனால் நீயும் போக வேண்டியதுதான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

எனக்கு அப்போது வாய் ஜாஸ்தி. இருபது நிமிடம் சும்மா இருந்தால் வெப்சைட் யாரையும் வெளியேற்றிவிடும், உங்கள் ஆட்கள் நடுவில் குக்கரை இறக்கப் போயிருப்பார்கள் என்று மாமியிடம் போனில் சொன்னேன். அந்த இருபது நிமிடத்தை ஒரு மணி நேரமாக ஏற்றியும் பார்த்தேன். பலனில்லை.

மறுநாள் காலை மாமியே ஆபீசுக்கு வந்துவிட்டார். என் பக்கத்தில் உட்கார்ந்து மளமளவென்று அடித்தார். மூன்றாம் பக்கத்தில் லாகின். மறுபடி ஆரம்பித்தார், இரண்டாம் பக்கத்திலேயே லாகின்.

"நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினவ. எங்கேயும் எழுந்து போகலை. நீ பாத்துண்டுதானே இருந்தே?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு விடாமல் மறுபடி உட்கார்ந்தார். ஏழு பக்கமும் தடங்கலில்லாமல் முடிந்தது. இன்னொரு ஜாதகம், அதுவும் முடிந்தது. நான் எதையும் தொடவில்லை. சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் நண்பரிடம் ஓடினேன்.

"ரெண்டாவது மெஷினை மதியமே நிறுத்திட்டேன்பா. ரேம் போட்டுக்கினு இருக்கேன்," என்றார்.

கூட்டம் தாங்கவில்லை என்று போன மாதம்தான் அதைச் சேர்த்திருந்தார். வருகிற ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டில் ஏதோ ஒன்றுக்குத் தள்ளிவிடும் ஏற்பாடு. ஆனால் உள்ளே வந்தவர் யார் என்பதை அந்தந்த சர்வர் தன் மெமரியில்தான் வைத்திருந்தது. ஒன்றுக்குத் தெரிந்தவர் மற்றதற்கு அந்நியர். என் மேஜையில் ஒரே கம்ப்யூட்டரில் சோதித்த எனக்கு இது எப்படித் தெரியும்? நண்பர் இரண்டாவதை மறுபடி இணைத்தார். இரண்டாம் பக்கத்திலேயே லாகின். வாழ்க்கையில் ஒரு தப்பைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

சரிசெய்யும்வரை ஒரே சர்வர் போதும் என்று இரண்டாவதை நிறுத்தி வைத்தோம். உள்ளே வந்தவர் யார் என்ற குறிப்பை இரண்டு சர்வரும் பார்க்கக்கூடிய டேட்டாபேஸுக்கு மாற்றி எழுத எனக்கு மூன்று நாள் ஆனது. பயனரின் பிரவுசரில் ஒரு அடையாள எண் மட்டும் இருக்கும், எந்த சர்வர் என்றாலும் அதை வைத்து ஒரே இடத்தில் கேட்டுக்கொள்ளும்.

நாலாம் நாள் இரண்டு சர்வரும் ஓட, மேனேஜர் பின்னால் நிற்க, மாமி அடித்தார். ஏழாம் பக்கம் தாண்டி "பதிவு முடிந்தது" என்று வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தப்பு என்னுடையது, அன்று போனில் பேசியதும் தப்பு என்று மேனேஜர் முன்னாலேயே சொன்னேன்.

மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, அடுத்த ஜாதகத்தை எடு. இன்னும் நாப்பது இருக்கு," என்றார்.