கத்திரி பட்ட துணி

எங்கள் தையல் கடையில் துணி வந்ததும் முதலில் கத்திரியைப் போட்டுவிடுவோம். வெட்டிய துணியை இன்னொரு தையற்காரர் தொடமாட்டார். வந்த ஆள் வேறு கடைக்கு நழுவ முடியாது. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிழைக்க இதுதான் வழி என்று என் கணவர் சத்தியமே செய்வார்.

அவர் வெட்டுவார்; நானும் நாத்தனாரும் தைப்போம். இரண்டு மிஷினுமாக நாளுக்கு எட்டு ஜாக்கெட். தலைகீழாக நின்றாலும் அதற்கு மேல் வராது. அலமாரியில் நாற்பது கிடக்கும்போது அஞ்சு நாள் என்று சொல்வோம். சொன்னபடி கொடுத்தும் விடுவோம்.

ஆவணியில் ஓணமும் கல்யாணங்களும் ஒன்றாக வந்தன. வெட்டிய கட்டுகள் அலமாரி நிறைந்து சாக்குகளில் ஏறின. என் வாய் மட்டும் பழக்கத்தில் அஞ்சு நாள் என்றே சொன்னது. ஆட்கள் சத்தம் போட்டதும் அவர் விடியலிலேயே எழுந்து இன்னும் வேகமாக வெட்டினார். வெட்ட வெட்ட நாள்தான் தள்ளிப்போனது. சத்தம் போட்டவருடையதை முன்னால் தைத்தால், பேசாமல் இருந்தவர் மறுநாள் வந்து சத்தம் போட்டார். முதுகு ஒடியத் தைக்கிறோம், அப்புறம் ஏன் இந்தக் கூத்து? எனக்கு ஒரு எழவும் விளங்கவில்லை.

அப்போதுதான் ரெண்டு வாரம் முன்னால் துணி கொடுத்திருந்த ஒரு கல்யாணப் பெண் வந்தாள். மறுநாள் காலை முகூர்த்தம்.

"தைக்காட்டிப் போகுதுங்கக்கா, துணியக் குடுத்துருங்க. கோயமுத்தூர்ல இன்னிக்கே தெச்சுத் தர்றாங்களாமா."

"வெட்டியாச்சே சாமி" என்றேன்.

அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள்.

நாத்தனார் மிஷினை நிறுத்திவிட்டுச் சாக்குகளைக் கொட்டினார். அவள் ஜாக்கெட்டின் உடல் துண்டு ஒரு சாக்கில், கைத்துண்டு வேறொருத்தியின் கட்டுக்குள். தேடிய நேரமெல்லாம் தையலும் இல்லை. கிடைத்ததும் இரண்டு மணி நேரத்தில் தைத்துக் கையில் கொடுத்தேன். சிரிப்பாள் என்று பார்த்தேன்.

"இவ்வளவு நேரந்தானுங்களா ஆகும்? அப்ப ரெண்டு வாரமா என்னங்க்கா பண்ணீங்க?"

தைத்துக்கொண்டுதான் இருந்தோம்! அவள் போனபின் கொட்டிக் கிடந்த கட்டுகளை எண்ணினோம். நூற்றறுபது.

"நாளுக்கு எட்டுன்னா, இதுக்கே இருவது நாளாச்சு. இன்னிக்கு வர்றது அதுக்குப் பொறவுதான?" என்றார் நாத்தனார். அந்தத் துணிகள் தைக்கப்படாமல் காத்துத்தான் கிடந்திருக்கின்றன. அவற்றின் மேல்தான் நாங்கள் இன்னும் இன்னும் வெட்டிப் போட்டிருக்கிறோம்.

வாசலில் ஒரு பெண், கையில் பட்டுத்துணி. என் கணவர் கத்திரியை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"குவியல் குறையற வரைக்கும் வெட்ட மாட்டமுங்க. இப்பக் குடுத்தா இருவது நாளுக்கு மேல ஆகும்."

"அப்ப வேற எடத்துல குடுத்துக்கட்டுங்களா?"

அவர் என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார். எனக்கும் பயம்தான், செய்வது சரியா தப்பா என்றே தெரியவில்லை.

"குடுத்துக்குங்க" என்றேன்.