எல்லைக்கோட்டில் ஓடிய ரயில்

அந்த ஜூன் பள்ளி விடுமுறையில், செங்காங்கில் இருக்கும் என் அக்கா வீட்டிலிருந்து வேலை பார்த்தேன். அக்கா தாதி. அந்த வாரம் அவளுக்கு இரவு ஷிப்ட். பிற்பகலில் அவள் தூங்கியாக வேண்டும். தூக்கம் கெட்ட இரவுகளில் ஒவ்வொரு மருந்தளவையும் திரும்பத் திரும்பச் சரிபார்க்க வேண்டியிருக்கும், அப்படியும் பயம் போகாது என்பாள். அவளுடைய அறைக்கும் பிள்ளைகளின் அறைக்கும் நடுவில் மெல்லிய சுவர் ஒன்றுதான். மகளுக்குப் பன்னிரண்டு வயது, மகனுக்கு மூன்று.

திங்கட்கிழமை பிள்ளைகள் போட்ட சண்டையில் அக்கா எழுந்துவிட்டாள். செவ்வாயும் அப்படியே.

மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பது என் தொழில். விளையாட்டுகளையும் அப்படித்தான் அணுகினேன். பாம்பும் ஏணியும்: தன் முறை வரும்வரை சின்னவனால் காத்திருக்க முடியவில்லை. சீட்டு: ஒரு ராணியைச் சோபாவுக்கு அடியில் தூங்க வைத்துவிட்டான். கட்டைகள்: பெரியவள் கட்டிய கோபுரத்தை அவன் அன்போடு கட்டிப்பிடித்தான், கோபுரம் சரிந்தது. ஜெயிப்பதும், காத்திருப்பதும், உடையக்கூடாததும் இருக்கிற விளையாட்டு எதுவும் இந்த வீட்டில் ஓடாது. இது புரிந்தது. அப்படியானால் எது ஓடும் என்பதுதான் புரியவில்லை.

புதன்கிழமை மழை. சன்னலுக்கு வெளியே ஓட்டுநர் இல்லாத எல்ஆர்டி ரயில் பெட்டிகள் ஈரத்தில் ஓசையின்றி மிதந்து போயின. அறைக்குள் பெரியவள் ஒரு டேப் உருளையை எடுத்து, கட்டில் காலிலிருந்து எதிர்ச் சுவர்வரை தரையில் ஊதா நிறத்தில் ஒரு கோடு ஒட்டினாள்.

"இந்தப் பக்கம் என்னோடது. தாண்டி வரக்கூடாது. சித்தி, நீங்கதான் சாட்சி."

"நான் எதுக்குமா சாட்சி?"

"பெரியவங்க யாராவது வேணும்ல."

சின்னவன் கோட்டைப் பார்த்தான். தரையில் குப்புறப் படுத்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி ரயில் பெட்டியை எடுத்து, கோட்டின் மேல் வைத்து, கன்னம் தரையில் பட அதைத் தள்ளிக்கொண்டே போனான். தாண்டவில்லை. கோட்டின் மேலேயே போனான். சுவரில் போய் முட்டினான்.

"அக்கா, ரோடு முடிஞ்சிருச்சு."

"அது ரோடு இல்லடா. அது பார்டர்."

"முடிஞ்சிருச்சு," என்றான் மறுபடி. உதடு பிதுங்கியது. அடுத்தது அழுகை; அதற்கடுத்து என் அக்கா எழுவாள். பெரியவள் சுவரைப் பார்த்தாள். பிறகு, சத்தம் வராதபடி கொஞ்சம் கொஞ்சமாக டேப்பை உரித்து, கோட்டை வளைத்துத் தன் பக்கமாக ஒரு கை நீளம் நீட்டினாள்.

"இது நார்த் ஈஸ்ட் லைன். எம்ஆர்டி ரயில். கத்தினா சேவை ரத்து, ஓகேவா?"

"ஓகே லா."

நான் மடிக்கணினியை மெதுவாக மூடினேன்.

பள்ளித் திட்டப்பணிக்கு வாங்கிய மற்ற உருளைகளும் வந்தன. சிவப்பில் தோ பாயோ நிலையம், பச்சையில் பூன் லே நிலையம். நாற்காலிக்கு அடியில் சுரங்கம், செருப்பின் மேல் பாலம். அவள் கட்டிக்கொண்டே முன்னால் நகர, அவன் ஓட்டிக்கொண்டே பின்னால் வந்தான். அவள் வேலை அவனுக்கு வேண்டாம், அவன் வேலை அவளுக்கு வேண்டாம். யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. மழை வெளிச்சத்தில் தரை ஒரு குளம் போலவும், அதன் அடியில் ஒரு ஊர் மெல்லத் தெரிவது போலவும் இருந்தது.

ஒரு முறை அவன் முழங்கால் பட்டு பூன் லே பிய்ந்து வந்தது. நான் மூச்சை அடக்கினேன்.

"டிராக் ஃபால்ட்," என்றாள் பெரியவள், ரயில் நிலைய அறிவிப்புக் குரலை அப்படியே இறக்கி. "பயணிகளுக்கு இலவச பஸ் உண்டு."

அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பஸ்ஸாகத் தன் கையையே ஓட்டினான். அதன்பின் வேண்டுமென்றே இரண்டு நிலையங்களைப் பிய்த்தான். அவளும் முணுமுணுத்துக்கொண்டே பழுது பார்த்தாள்.

"ரொம்ப கெட்ட டிரைவர்டா நீ."

"நான் நல்ல டிரைவர்."

மழை விட்டு வெயில் சாய்ந்த நேரத்தில் அக்கா தானாகவே எழுந்து வந்தாள். முகத்தில் தலையணை மடிப்பு. கூடம்வரை பரவியிருந்த தடங்களைத் தூக்கக் கலக்கத்தில் பார்த்தபடி நின்றாள். சிவப்புக் கோடு அவள் கதவுக்கு ஒரு சாண் முன்னால் நின்றிருந்தது.

"இது ஏன் பாதியிலேயே நிக்குது?"

"அம்மா தூங்குறாங்க, அங்க வேலை செய்யக்கூடாதுன்னு அக்கா சொன்னா," என்றான் சின்னவன்.

அக்கா பெரியவளைப் பார்த்தாள். பெரியவள் டேப் உருளையை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

"இப்ப முழிச்சிட்டேனே," என்றாள் அக்கா.

பெரியவள் மண்டியிட்டு மீதி ஒரு சாணையும் ஒட்டினாள். இந்த முறை சத்தத்தைப் பற்றிக் கவலைப்படாமல், சர்ரென்று இழுத்து.