கிரீஸ் கோட்டை நேராகப் பிடித்தேன்

பூண்டியில் எங்கள் வீட்டுப் பக்கம் பேசுவதற்கு சிக்னல் கிடைக்கும், படம் அனுப்பக் கிடைக்காது. அதுவும் வீட்டுக்குள் இல்லை. பூண்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு பாறை இருக்கிறது, அதில் ஏறி மேற்கே திரும்பி உட்கார வேண்டும். கழுத்தைக் கொஞ்சம் அசைத்தாலும் எதிர்முனை ஊமையாகிவிடும். அன்று காலை அந்தப் பாறையில் நான் இரண்டு கைபேசிகளோடு உட்கார்ந்திருந்தேன். என் கைபேசியில் படம் இருந்தது. காதில் வைத்திருந்தது என் மனைவியுடையது. அதில் திண்டுக்கல்லிலிருந்து கோச் பேசிக்கொண்டிருந்தார்.

கோச் இருபத்தைந்தே வயதான பெண். மாவட்டத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் சொல்லித் தருகிறார். எங்கள் ஊருக்கு இரண்டே தடவை வந்திருக்கிறார். இரண்டு தடவையும் மலைப்பாதையில் வாந்தி எடுத்து, வந்த களைப்பு தீருவதற்குள் கடைசி பஸ்ஸுக்கு ஓடியவர். என் அக்கா மகளின் வேகப்பந்தைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். நான் வாரக்கடைசி மேட்சுகளில் அம்பயராக நிற்கிறவன். பன்னிரண்டு வருஷமாக நின்றும் அந்தப் பிள்ளை எனக்கு வீட்டில் வளரும் பிள்ளையாகத்தான் தெரிந்தாள்.

விஷயம் இதுதான். மறுநாள் திண்டுக்கல்லில் மாவட்ட அணிக்கான தேர்வு. யார் யார் வருகிறார்கள் என்று அன்று பதினோரு மணிக்குள் கோச் பட்டியல் கொடுக்க வேண்டும். ஆனால் இரண்டு வாரத்துக்கு முன்னால் பிள்ளை, அடிமுதுகு வலிக்கிறது என்று போனில் சொல்லிவிட்டாள். பந்து போடும்போது தலை இடது பக்கம் விழுகிறதோ, அதனால்தான் முதுகு இழுக்கிறதோ என்று கோச்சுக்குச் சந்தேகம். அப்படி இருந்தால் இந்த வருஷம் அனுப்ப மாட்டேன், ஆறு மாதம் ஆக்‌ஷனைத் திருத்திவிட்டுத்தான் அனுப்புவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் பிள்ளைக்கு வயது தாண்டிவிடும். அந்த வயதுப் பிரிவில் அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

எப்படிப் படம் எடுக்க வேண்டும் என்பதையும் கோச்தான் சொல்லியிருந்தார். பேட்ஸ்மேனுக்குப் பின்னால் நின்று எடுக்கணும், முன்கால் தரையில் ஊன்றுகிற நொடி வேணும், கிரீஸ் கோடு படத்துல நேரா இருக்கணும். நான் முதல் நாள் மாலை பள்ளி மைதானத்தில் தொடர்ச்சியாக எடுத்துத் தள்ளி, அதில் சரியான நொடியைப் பொறுக்கி வைத்திருந்தேன். பந்து போடுகிறவர் கால் தாண்டக் கூடாத அந்தக் கிரீஸ் கோடு படத்தின் அடி விளிம்புக்கு இணையாக, அளவெடுத்ததுபோல் இருந்தது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

பிள்ளை கொட்டகை வாசலில் உட்கார்ந்து பூண்டுத்தாள் அறுத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் பேசியது முழுக்க அவள் காதில் விழுந்திருக்கும்.

முதலில் முன்கை. அவள் வலது கையால் போடுகிறவள், அதனால் முன்கை என்றால் இடது கை. படத்தில் அது வலது பக்கம் தெரிந்தது. நான் வலது என்று சொல்லி, கோச் எது வலது என்று கேட்டு, நான் எழுந்து நின்று பிள்ளையைப்போல் பந்து போட்டுப் பார்த்து, சிக்னல் போய், திரும்ப உட்கார்ந்து, இடது என்று ஒப்புக்கொள்வதற்குள் ஐந்து நிமிஷம் ஓடிவிட்டது. முழங்கை தோளுக்கு மேலே மடங்கியிருக்கிறது, அப்படியே விலாப்பக்கம் இறுக்கி இழுக்கப் போகிறாள் என்று வர்ணித்தேன்.

"இழுக்கப் போறது, விடப் போறது எல்லாம் வேணாம்ணே. படத்துல இருக்கிறத மட்டும் சொல்லுங்க" என்றார் கோச்.

எனக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வருஷ அம்பயரைப் பார்த்துச் சொல்கிற பேச்சா? இருந்தாலும் மறுநாள் பிள்ளை போக வேண்டுமே என்று வாயை அடக்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது என்று முடிவெடுத்தேன். ரோஷக்காரன் எடுக்கும் முடிவு எப்போதும் இப்படித்தான், அடுத்தவனுக்கு இடைஞ்சலாகவே முடியும்.

அடுத்து முன்கால். பாதம் எங்கே பார்க்கிறது? பேட்ஸ்மேனைப் பார்க்கிறது. முட்டி? நிமிர்ந்திருக்கிறது. குதிகால்? கோட்டுக்குப் பின்னால். நோபால் இல்லையே? இல்லை. தோளும் இடுப்பும் ஒரே பக்கம் பார்க்கிறதா, முறுக்கிக்கொண்டு நிற்கிறதா? ஒரே பக்கம்தான். கோச்சின் குரலில் தெம்பு வந்தது. எனக்கும் வந்தது. கடைசியில் தலைக்கு வந்தார். மூக்கிலிருந்து நேர் கீழே ஒரு கோடு போட்டால் அது எங்கே விழுகிறது என்று கேட்டார்.

பாறையடியில் கிடந்த விளக்கமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, கைபேசியின் ஓரத்துக்கு இணையாகப் பிடித்து மூக்கின்மேல் வைத்துப் பார்த்தேன். ஈர்க்கு முன்காலைத் தொடவே இல்லை. அவளுடைய இடது பக்கம், பாதத்தைத் தாண்டி வெளியே ஒரு பாத அகலத்துக்கு இறங்கியது. திரும்ப வைத்தேன். அதே இடம்தான். பொய் சொல்லலாமா என்று நிஜமாகவே யோசித்தேன். பிள்ளையின் முதுகு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் வாய் வரவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

சரியாகப் பார்த்தீர்களா என்று கோச் கேட்டார். இரண்டு தடவை வைத்துப் பார்த்தேன் என்றேன்.

"அப்ப சந்தேகமே இல்லண்ணே. உடம்பு மொத்தமும் இடப்பக்கம் விழுது. இந்த வருஷம் வேணாம். நானே பிள்ளைகிட்ட பக்குவமா சொல்லிக்கிறேன்."

கொட்டகை வாசலில் அரிவாள்மணைச் சத்தம் நின்றது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. எனக்கு வந்தது கோபம்தான். வருத்தம் வரும்போதெல்லாம் எனக்குக் கோபமாகத்தான் வரும், வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"விழுது விழுதுன்னா, படத்துல எல்லாந்தான் விழுது மேடம்" என்று கத்தினேன். "பின்னாடி நிக்கிற தைலமரம் சாஞ்சுதான் கெடக்கு. கரண்டு கம்பம் சாஞ்சுதான் கெடக்கு. அதுகளுக்கெல்லாம் முதுகு வலிக்குதா?"

"என்னண்ணே சொன்னீங்க?"

"முதுகு வலிக்குதான்னு..."

"அதுக்கு முன்னாடி. கம்பம் எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு?"

பார்த்தேன். கம்பமும் மரங்களும் பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பமும், எல்லாம் ஒன்றுபோல் அவளுடைய இடது பக்கமே சாய்ந்திருந்தன. எங்கள் ஊரில் காற்று பலமாக அடிக்கும், ஆனால் கொடிக்கம்பத்தைச் சாய்க்கும் அளவுக்கு அல்ல.

கோச் அடுத்துக் கேட்ட கேள்வி எனக்கு முதலில் விளங்கவில்லை. உங்க கிரவுண்டு சமமா இருக்கா என்றார். சமம்தானே என்றேன். நான் பிறந்ததிலிருந்து அதில்தான் விளையாடுகிறேன். பந்தைக் கீழே வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டார். ஓடைப் பக்கம் உருண்டு போகும் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே உறைத்தது.

மலையை வெட்டித் தட்டுத் தட்டாக்கிய ஊர் எங்களுடையது. கேரட் போடும் தட்டைவிட மைதானம் சமம் என்பதால் அதைச் சமம் என்றே சொல்லி வளர்ந்துவிட்டோம். ஓடைப் பக்கம் எப்போதும் ஒரு ஆளைக் கூடுதலாக நிறுத்துவோம், ஏன் என்று கேட்டதில்லை. பிட்ச்சும் அந்தச் சரிவிலேயேதான் கிடக்கிறது. கிரீஸ் கோடும் அதன்மேல்தான். அந்தக் கோட்டை நேராக்க நான் கைபேசியைச் சாய்த்திருக்கிறேன். சாய்ந்தது நான். பழி பிள்ளையின் தலைமேல் விழுந்தது.

கம்பம் நேராக நிற்கும்வரை படத்தைத் திருப்பச் சொன்னார் கோச். கைபேசியைத் திருப்பினேன், படம் நான் ஒரு பக்கம் சாய்த்தால் தன்னிஷ்டத்துக்கு இன்னொரு பக்கம் சுழன்றது. கடைசியில் கைபேசியைப் பாறையில் படுக்கவைத்துவிட்டு, ஈர்க்கைக் கம்பத்துக்கு இணையாகப் பிடித்து, கோணம் மாறாமல் மூக்குவரை நகர்த்தினேன். ஈர்க்கு நெற்றி, மூக்கு, தாடை என்று இறங்கி, முன்காலின் கட்டைவிரல் பக்கம் வந்து நின்றது. மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் அங்கேயேதான்.

கோச் சிரிக்கவில்லை. "கோடு நேரா இருக்கணும்னு சொன்னது நாந்தாண்ணே. தப்பு என்னுது" என்றார். கிரவுண்டை நானே பார்த்தும் கவனிக்கலையே என்று தன்னையே நொந்துகொண்டார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. தப்பை இவ்வளவு வெரசாக ஒப்புக்கொள்கிறவர்களை எங்கள் குடும்பத்தில் நான் பார்த்ததில்லை.

ஆனால் அவர் விடவில்லை. தலை சரி, கை சரி, கால் சரி, அப்புறம் முதுகு ஏன் வலித்தது என்று கேட்டார். காரணம் தெரியாமல் பெயர் எழுத மாட்டாராம். பதினோரு மணிக்குக் கால் மணி நேரம் இருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. படத்தை இன்னொரு தடவை பார்க்கிறேன் என்றேன்.

"படத்த விடு மாமா. போன இங்க குடு."

பிள்ளை பாறைக்குக் கீழே வந்து நின்றிருந்தாள். கையில் பூண்டு மணம், கண் சிவந்திருந்தது. அது பூண்டால் சிவந்ததில்லை. போனை வாங்கிப் பாறையில் ஏறி, என்னை நகரச் சொல்லிவிட்டு மேற்கே பார்த்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் நேராத்தான் போடுறேன். கால் ஊன்றப்பவும் ஸ்டம்பு ரெண்டு கண்ணுலயும் தெரியும். வலிச்சது பந்து போட்டதால இல்ல. லாரி வந்துருச்சுன்னு ரெண்டு வாரத்துக்கு முன்னாடி மாமா எங்கிட்ட கேரட் மூட்டைய தூக்கச் சொன்னாரு. நாலு மூட்டை. அன்னைக்கு ராத்திரிதான் வலிச்சது. மூணு நாள்ல போயிருச்சு, இப்ப வலி இல்ல."

நான் எதிரே இருந்த கேரட் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூட்டை தூக்கியது நினைவில் இருந்தது. அது வலி கொடுத்திருக்கும் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை.

இதை முன்னாடியே ஏன் சொல்லவில்லை என்று கோச் கேட்டிருக்க வேண்டும். பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஒரு மணி நேரமா இங்கதான்க்கா உக்காந்திருக்கேன்" என்றாள். "ரெண்டு பேரும் படத்துகிட்டயே கேட்டுக்கிட்டிருந்தீங்க."

அதற்குப் பிறகு கோச் அவளிடம் நிறையக் கேட்டார். குனிந்தால் வலிக்கிறதா, பின்னால் வளைந்தால் வலிக்கிறதா, எத்தனை ஓவர் போடுகிறாள் என்றெல்லாம். அவள் பாறையிலேயே எழுந்து குனிந்தும் வளைந்தும் காட்டினாள், போனில் தெரியாது என்பதை மறந்து. காலையில் பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சரி என்றால்தான் பந்து தருவேன், வலித்தால் உடனே சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு கோச் பெயரை எழுதிக்கொண்டார்.

பிள்ளை போனை என்னிடம் நீட்டிவிட்டுக் கீழே இறங்கினாள். கொட்டகையில் மறுநாள் லாரிக்குக் கட்டிவைத்த மூட்டைகள் இருந்தன. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, ஷூவைக் கழுவப் போய்விட்டாள். நான் போய் மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வாசலில் அடுக்கினேன். மூன்றாவதிலேயே எனக்கு அடிமுதுகு பிடித்துக்கொண்டது.