சம்பலில் இருக்கும் மீன்

அம்பிட்டியவில் நான் தங்குவிடுதி தொடங்கிய காலத்தில் ஃபோன் மொழிபெயர்க்காது. மீன் ஆகாத ஒரு வெள்ளைக்காரப் பெண், அதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தரச் சொன்னாள். எழுதினேன்: "மீன் சாப்பிட்டால் எனக்கு மூச்சடைக்கும். மாசித்தூளும் கூடாது. அடைத்தால் உடனே டாக்டரிடம் கொண்டுபோங்கள்."

"இரண்டு சொல்தானே கேட்டேன்?" என்று சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. மாசி என்கிற காய்ந்த மீனை இடித்துப் போடாத தேங்காய்ச் சம்பல் இந்த ஊரில் ஏது?

மறுநாள் கட்டுகஸ்தோட்டைச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனேன். முதலாளி முதல் வரியைப் படித்து மீன்கறியை ஒதுக்கிவிட்டு, சம்பலை அள்ளி வைத்தார். அடுத்த வரியில் கண் பட்டதும் தட்டை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"ஐயோ, மாசியும் மீன்தானே!"

இப்போது விருந்தாளிகள் ஃபோனை நீட்டுகிறார்கள். 'மீன் ஒவ்வாமை' என்று அழகாகக் காட்டுகிறது. நான் எழுந்து போய்ச் சம்பல் சட்டியைப் பார்க்கிறேன்.