நான்காவது ஓட்டத்தில் விழுந்த எண்

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ‘இன்னொருவாட்டி’. பதினாறு வருடமாக வீடு வீடாகப் போய் இணைய இணைப்புப் பழுது பார்க்கிறவர். வேகச் சோதனையை ஒரே தடவை ஓட்டிவிட்டு அவர் கிளம்பியதே கிடையாது. “இன்னொரு வாட்டி ஓட்டு” என்பார். நாங்களும்தான் பல தடவை ஓட்டுவோம். ஆனால் நல்ல எண் விழும்வரை ஓட்டி, அதை மட்டும் படம் பிடித்து அனுப்பிப் புகாரை மூடிவிடுவோம். அவரோ விழுந்த எண் எல்லாவற்றையும் எழுதுவார். அதனால் மூடிய புகார்களின் பட்டியலில் எப்போதும் கடைசியில் நிற்பார். மேலதிகாரி அதைச் சத்தமாகப் படிப்பார், நாங்கள் பல்லைக் காட்டுவோம். இப்போது நினைத்தால் குமட்டுகிறது.

அன்று ஒரு வீட்டுக்கு என்னையும் அவரையும் சேர்த்து அனுப்பினார்கள். நான்காவது முறையாக வந்த புகார். மூன்றாவதை மூடியவன் நான்.

அந்த வீட்டுப் பெண் சைகை மொழிபெயர்ப்பாளர். மருத்துவமனையில் மருத்துவர் பேசுவதைக் காது கேளாத நோயாளிக்கு வீடியோவில் கைகளால் சொல்பவர்.

“டாக்டர் மாத்திரை எத்தனைன்னு சொல்றார், நான் காட்றேன். அந்தப் பக்கம் என் கை பாதியில நின்னுடுது. ரெண்டா மூணான்னு அவங்க முழிக்கிறாங்க. நான்தான் சரியா செய்யலைன்னு எங்க கம்பெனி நினைக்குது. இன்னைக்கு ஆறு மணிக்குள்ள பதில் சொல்லணும். இல்லைன்னா வேலை போச்சு.”

மேசைமேல் அந்தக் கம்பெனியின் கடிதம் கிடந்தது. ‘உங்கள் இணைப்பு நன்றாக இருப்பதாகத் தொழில்நுட்பப் பணியாளர் சான்றளித்துள்ளார்’ என்று எழுதி, எங்கள் அலுவலகத்திடம் வாங்கிய ஒரு படத்தை ஒட்டியிருந்தார்கள். பதிவிறக்கம் 94. நான் பிடித்த படம்.

இன்னொருவாட்டி வைஃபையை நம்பவில்லை. கேபிளை நேராக மடிக்கணினியில் செருகி ஓட்டினார். பிங் 6, ஜிட்டர் 1, பதிவிறக்கம் 94, பதிவேற்றம் 38. அவள் முகம் வாடியது.

“பொறுங்க மேடம். இது எங்க கம்பெனி கட்டடத்துலயே இருக்கிற சர்வர். பக்கத்துல போய்ட்டு வந்தா வேகமாத்தான் இருக்கும்.” வெளியூர் சர்வர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மறுபடி ஓட்டினார். பதிவேற்றம் 3. இன்னொரு வாட்டி: 9. இன்னொரு வாட்டி: 2. ஜிட்டர் எழுபதைத் தொட்டது.

“ஏன் சார் ஒவ்வொரு தடவையும் மாறுது?”

“அந்த நிமிஷம் வழியில எவ்வளவு நெரிசலோ, அதுதான் நம்பர். வைஃபையில ஓட்டினா சுவரு, பக்கத்து வீட்டு சிக்னல் எல்லாம் சேந்துக்கும். வீட்ல வேற யாராவது வீடியோ பாத்தாலும் மாறும். அதனாலதான் ஒரு நம்பரை வச்சு எதுவும் சொல்லக் கூடாது. பிங்குன்னா ஒரு தகவல் துணுக்கு போய்த் திரும்ப எடுக்கிற நேரம். அந்த நேரம் ஒரே சீரா இல்லாம ஏறி இறங்குனா அது ஜிட்டர். உங்களுக்கு வர்றது பதிவிறக்கம், அதனால டாக்டர் உங்களுக்கு நல்லாத் தெரியறார். உங்க கை வெளிய போறது பதிவேற்றத்துல. அது எங்க கட்டடம் தாண்டி வெளிய போற வழியில முட்டுது. எங்க கம்பெனி அந்த வழியில தாங்காத அளவுக்கு ஆள் சேத்திருக்கு.”

எல்லாவற்றையும் நேரத்தோடு தாளில் எழுதினார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“அன்னைக்கு எத்தனை வாட்டி ஓட்டுன?”

“அஞ்சு, அண்ணே.”

“போன்ல பழைய கணக்கு இருக்குமே, காட்டு.”

இருந்தது. வேகச் சோதனைச் செயலி எதையும் மறப்பதில்லை. வெளி சர்வரில் மூன்று ஓட்டம், பதிவேற்றம் 4, 2, 3. நான்காவதில்தான் எங்கள் சர்வருக்கு மாறி 94-ஐப் பிடித்திருக்கிறேன். ஐந்தாவதை எதற்கு ஓட்டினேன்? இன்னும் நல்லதாக ஒன்று விழுமா என்று பார்க்கத்தான். த்தூ.

அவள் என் கைபேசியை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். கடிதத்திலிருந்த தேதியையும் ஒத்துப் பார்த்தாள்.

“அப்போ உங்களுக்கு அன்னைக்கே தெரியும்.”

இன்னொருவாட்டி தாளை என் பக்கம் தள்ளினார். அவருடைய கையெழுத்துக்குக் கீழே அந்த ஐந்து ஓட்டங்களையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஐந்தரைக்கு அவள் அதைப் படம் எடுத்து அனுப்பினாள்.

அவள் வேலை தப்பியது. மாதக் கடைசியில் மேலதிகாரி பட்டியலைப் படித்தார். கடைசி இடத்தில் இரண்டு பெயர். எல்லாரும் சிரித்தார்கள். நான் போன மாதம் சிரித்த அதே சிரிப்பு.